அப்பாவின் ஜவுளிக்கடைக்கு வெப்சைட் போட்ட கதை

சின்னாளபட்டியில் எங்களுக்கு ஒரு சின்ன ஜவுளிக்கடை. சுங்குடிச் சேலைதான் முக்கியச் சரக்கு. அதோடு காட்டன் சில்க், உள்பாவாடைத் துணி, நைட்டி எல்லாம் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கும்வரை கிடைத்த விடுமுறையில், கடைக்கு ஒரு வெப்சைட் செய்து தருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். பள்ளியில் படித்த ஹெச்டிஎம்எல் கொஞ்சம் தெரியும், மீதியை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதெல்லாம் நடந்தது. ஆனால் நான் பார்த்த எந்த வீடியோவும் சேலை விற்பதைப் பற்றிப் பேசவில்லை. மெனு எப்படிச் சறுக்கி வர வேண்டும், பட்டன் எப்படி மின்ன வேண்டும் என்றே சொல்லிக்கொடுத்தார்கள். பணமும் நேரமும் போனது வேறு இடங்களில். உங்கள் வீட்டிலும் ஒரு துணிக்கடை இருந்து, உங்களுக்கும் இந்த ஆசை வந்தால் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வடிவம் மடிக்கணினியில் பார்க்க அமர்க்களமாக இருந்தது. மேலே பெரிய படங்கள் மாறி மாறி ஓடும், அதற்குக் கீழே நான்கு நான்காக இருபது சேலைகள். தோழிகளின் குரூப்பில் லிங்க் போட்டேன். "செம", "சூப்பர்டி", நெருப்புப் படம், கைதட்டும் படம். இரண்டு நாள் மிதந்துகொண்டே திரிந்தேன். மதுரையிலிருந்து அத்தை வந்தபோதுதான் தரையில் இறங்கினேன். அத்தை எங்கள் கடையில் சேலை எடுத்துத் தெருவில் உள்ளவர்களுக்குத் தவணையில் விற்பவர். கடைக்கு வரும் வாடிக்கையாளர் எப்படியோ அப்படித்தான் அவரும். அவர் போனில் லிங்க்கைத் திறந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுத்தெல்லாம் எறும்பு வரிசை போலத் தெரிந்தது. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினார், பக்கம் ஒருபக்கமாக ஓடியது. படம் பாதி வந்து நின்றது. "ஏத்தா, நெட்டு போச்சா?" என்று போனைத் தட்டினார். நெட் நன்றாகத்தான் இருந்தது.

எழுத்து சிறியதாகத் தெரிந்ததற்குக் காரணம், பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரி விடுபட்டிருந்தது. அது இல்லாவிட்டால் போன், இது கணினித் திரைக்கான பக்கம் என்று எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டும்.

```html
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

படம் நின்றது வேறு விஷயம். நான் போனில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருந்தேன். ஒவ்வொன்றும் நான்காயிரம் பிக்சல் அகலம், நான்கு எம்பிக்கு மேல் எடை. இருபது படம் என்றால் எண்பது எம்பி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக் போட்டிருப்பவர் எங்கள் முதல் பக்கத்தை ஒரே ஒரு தடவை முழுக்கத் திறந்தாலே அன்றைய நெட்டில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு காலி. வீட்டு வைஃபையில் ஏற்கனவே பார்த்த பக்கத்தைத்தான் நான் திரும்பத் திரும்பத் திறந்தேன். படங்கள் என் கணினியிலேயே சேமிப்பில் இருந்ததால் எனக்கு மட்டும் சட்டென்று வந்தன. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, வைஃபையை அணைத்துவிட்டு, இதுவரை அந்தப் பக்கத்தைத் திறக்காத ஒரு பழைய போனில், மொபைல் நெட்டில் திறந்து பார்ப்பது. பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் இன்னும் நல்லது.

போன் திரைக்கு ஆயிரம் பிக்சல் அகலம் தாராளம். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டால் ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாப் படத்தையும் ஒரே கட்டளையில் சுருக்கலாம். `small` என்ற பெயரில் ஒரு காலி ஃபோல்டரை முதலில் உருவாக்கிவிட்டு இதை ஓட்ட வேண்டும்:

```
magick mogrify -path small -auto-orient -resize 1000x -quality 78 *.jpg
```

மூலப்படம் அப்படியே இருக்கும், சிறியது அந்த ஃபோல்டருக்குள் போகும். எங்கள் சேலைப் படங்கள் பெரும்பாலும் இருநூறு கேபிக்குள் வந்தன. மிக நெருக்கமான புள்ளி உள்ள சுங்குடி மட்டும் கொஞ்சம் கூடுதலாக வரும், நுணுக்கம் அதிகமாக உள்ள படம் அவ்வளவாகச் சுருங்காது. ஒவ்வொரு `img` குறியிலும் `loading="lazy"` என்று சேர்த்தேன். அப்படிச் செய்தால், விரலால் தள்ளிக்கொண்டு கீழே வரும்போதுதான் அந்தந்தப் படம் இறங்கும். மேலே ஓடிக்கொண்டிருந்த பெரிய படங்களை எடுத்தே விட்டேன். அதைச் செய்யத்தான் நான் அதிக நாள் செலவழித்திருந்தேன், மனசு வலித்தது. ஆனால் அத்தை அதைப் பார்க்கவே இல்லை, விரல் நேராகச் சேலைகளுக்குத்தான் போனது.

அத்தையிடம் படித்துக்கொண்டதை அதற்குப் பிறகும் விடவில்லை. கருத்துக் கேட்பதற்கு "எப்படி இருக்கு?" என்ற கேள்வி உதவாது. தெரிந்தவர்கள் யாரும் சின்னப் பெண்ணிடம் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். போனைக் கையில் கொடுத்து, "எண்ணூறு ரூபாய்க்குள்ள ஒரு பச்சைச் சுங்குடி எடுத்துக் காட்டுங்க" என்று ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு அவர் விரலைப் பார்க்க வேண்டும். விரல் எங்கே தயங்குகிறது, எதைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது என்பதுதான் உண்மையான கருத்து. குறுக்கே போய் "இல்லக்கா, மேல இருக்கு பாருங்க" என்று சொன்னால் அந்தச் சோதனை வீண். கடைக்கு வருகிறவர்களில் காத்திருக்க நேரம் இருப்பவர்களிடம் இப்படிக் கொடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லோரும் படத்தைத் தட்டினார்கள். தட்டினால் பெரிதாகும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. என் பக்கத்தில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்து எல்லோரும் தேடியது விலை.

விலையில் எனக்கும் அப்பாவுக்கும் சண்டையே வந்தது. "விலையைப் போட்டா பக்கத்துக் கடைக்காரன் பத்து ரூபா கொறச்சிப் போடுவான். அதுவும் போக, மொத்தமா எடுக்குறவங்களுக்கு நான் ஒரு விலை சொல்லுவேன், அவங்க இதைக் காட்டிக் கேப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் முதலில் விலை போடாமல் வாட்ஸ்அப் எண் மட்டும் கொடுத்தோம். வந்த செய்திகளில் பெரும்பாலானவை "விலை?" என்ற ஒற்றைச் சொல். பதில் சொன்னால் பாதிப்பேர் மறுபடி பேசவே மாட்டார்கள். கடையில் நிற்கும் அண்ணன் ஒரு கையில் முழக்கோலும் மறு கையில் போனுமாகத் தவித்தார். ஒரு வாரம் அவர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு அப்பாவே வழி சொன்னார்: சில்லறை விலையை மட்டும் போடு, பத்துச் சேலைக்கு மேல் எடுப்பவர்கள் கடையில் கேட்கட்டும் என்று எழுது. அதன்பிறகு செய்திகள் குறைந்தன, வந்தவை வாங்குகிறவர்களுடையவையாக இருந்தன.

இன்னொரு தொல்லை, வருகிறவர்கள் திரையைப் படம் பிடித்து அனுப்பி "இது இருக்கா?" என்று கேட்பது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடி எங்கள் கடையில் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு சேலைக்கும் ஒரு எண் கொடுத்து, அதே எண்ணைச் சேலையில் தொங்கும் விலைச் சீட்டிலும் எழுதினோம். பக்கத்தில் படத்துக்குக் கீழே உள்ள பட்டனை அழுத்தினால் அந்த எண்ணோடு வாட்ஸ்அப் திறக்கும். அதற்கு இவ்வளவுதான் தேவை:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=SG-114
```

எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறியோ சுழியமோ போடக் கூடாது, நடுவில் இடைவெளியும் கூடாது. இது செய்ததும் அண்ணன் சொன்னது, "இப்பதான் பாப்பா எனக்கு இது புரியுது."

ஷாப்பிங் கார்ட்டும் ஆன்லைன் பேமெண்ட்டும் வேண்டும் என்று நண்பர்கள் பலர் சொன்னார்கள். அதை நான் செய்யவில்லை, செய்யாததில் வருத்தமும் இல்லை. எங்கள் சரக்கில் பல சேலைகள் ஒரே ஒரு பீஸ். காலையில் கடையில் ஒருவர் எடுத்துப்போன சேலைக்கு மதியம் இன்னொருவர் ஆன்லைனில் பணம் கட்டினால், திருப்பி அனுப்பும் வேலையும் கெட்ட பெயரும்தான் மிச்சம். கடைச் சரக்குக் கணக்கே கம்ப்யூட்டரில் இல்லாதபோது கார்ட் வைப்பது ஆபத்து. கருத்து சொல்கிறவர் சேலை வாங்கப்போகிறவரா, வெறுமனே பார்க்கிறவரா என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

வாங்குகிறவர் சொன்னதற்கு ஓர் உதாரணம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், எங்கள் பழைய வாடிக்கையாளர், பக்கத்தை முழுக்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாத்துக்கும் சுங்குடின்னு போட்டிருக்கியே, எது கைமுடிச்சு, எது பிரிண்ட்டு?" நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கும் சேலையில் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது, முடிச்சு இருந்த இடம் லேசாகப் புடைத்திருக்கும். பிரிண்டில் புள்ளி பிசகாத வரிசையில் நிற்கும், விலையும் பல மடங்கு குறைவு. கடையில் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுவது, படத்தில் தெரியாது. எங்களிடம் இருப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சில் செய்தவை. அதை அப்படியே எழுதினேன். கூடவே கடையில் தினமும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களையும் ஒவ்வொரு சேலைக்கும் கீழே சேர்த்தேன்: நீளம் ஐந்தரை மீட்டர், ப்ளவுஸ் துணி இருக்கிறதா இல்லையா, முந்தி எப்படி இருக்கும், முதல் அலசலில் சாயம் கொஞ்சம் இறங்கும், உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தனியாக அலசவும். சாயம் போகும் என்று நாமே எழுதினால் யார் வாங்குவார்கள் என்று அம்மா பயந்தார். நடந்தது வேறு. வெள்ளைத் துணியோடு போட்டுத் துவைத்துவிட்டுச் சண்டைக்கு வரும் ஆட்கள் இல்லாமல் போனார்கள்.

பணம் நிஜமாகப் போனது நிறத்தில். சென்னையிலிருந்து ஒருவர் காட்டன் சில்க்கில் மயில்கழுத்து நிறம் கேட்டு நான்கு சேலை எடுத்தார், மகளின் வளைகாப்புக்கு. போய்ச் சேர்ந்த அன்றே போன். "படத்தில நீலம், கையில எடுத்தா பச்சை, மடிச்சு வெச்சா மறுபடி நீலம். என்னம்மா இது?" கோபமாகத்தான் பேசினார், ஆனால் அவர் சொன்னதுதான் எனக்குக் கிடைத்ததிலேயே துல்லியமான கருத்து. மயில்கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். நீளவாட்டில் ஓடும் நூல் நீலம், குறுக்கே ஓடுவது பச்சை. ஒளி விழும் கோணத்தைப் பொறுத்து ஒன்று தூக்கலாகத் தெரியும். ஒரே ஒரு படம் ஒரே கோணத்தைத்தான் காட்டும், நான் போட்டது நீலம் தெரிந்த கோணம். நான்கு சேலையையும் திரும்ப எடுத்துக்கொண்டோம், இரண்டு பக்கக் கூரியரும் எங்கள் செலவு. நானூறு ரூபாய்க்கு மேல் போனது, அதைவிட அந்த அம்மாவின் விசேஷத்துக்குச் சேலை நேரத்துக்கு அமையவில்லை என்பதுதான் உறுத்தியது.

ஒற்றை நிறச் சேலையிலும் படம் ஏமாற்றும் என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அரக்குச் சேலையைப் படம் முழுக்க நிறைத்து எடுத்தால் போன் கேமரா, வெளிச்சமே சிவப்பாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு சிவப்பைக் குறைக்கும், அரக்கு காப்பிப்பொடி நிறத்துக்குப் போய்விடும். கடையில் டியூப்லைட் வெளிச்சம் வேறு, வாசலில் இருந்து வரும் பகல் வெளிச்சம் வேறு, இரண்டும் கலந்தால் இன்னும் குழப்பம். இப்போது நான் செய்வது இது: காலையில் மொட்டை மாடியில், நேர் வெயில் படாத நிழலில், வெள்ளைச் சுவரை ஒட்டிச் சேலையைத் தொங்கவிடுவேன். படத்துக்குள் கொஞ்சம் வெள்ளைச் சுவர் தெரிய வேண்டும், கேமராவுக்கு வெள்ளை எது என்று தெரிந்தால் மற்ற நிறங்கள் ஓரளவு சரியாக வரும். எடுத்த உடனே அங்கேயே போனைச் சேலைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுவேன். ஃபில்டர், அழகாக்கும் வசதி எல்லாம் அணைத்துவிடுவேன். இரட்டை நிறச் சேலை என்றால் ஒரு மடிப்பை ஆட்டிக் காட்டும் சின்ன வீடியோ, கூடவே "பாவு நீலம், ஊடை பச்சை" என்று எழுத்தில். இவ்வளவு செய்தாலும் வாங்குகிறவரின் போன் திரை நிறத்தைத் தூக்கிக் காட்டும் வகையாக இருந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் விசேஷத்துக்கு ஒரே நிறத்தில் பல சேலை கேட்பவர்களிடம், முதலில் வீடியோ காலில் வாசல் வெளிச்சத்தில் சேலையைக் காட்டிவிட்டுத்தான் பார்சல் கட்டுகிறோம்.

அடுத்த அடி துணிப்பையில். எங்கள் வெப்சைட் முகவரி கடைப்பெயர்தான். அதில் வரும் 'ட்சி'யை ஆங்கில எழுத்தில் தட்டச் சொன்னால் ஒருவர் `kshi` என்கிறார், ஒருவர் `tchi` என்கிறார், முகவரி யாருக்கும் சரியாக வரவில்லை. பையில் க்யூஆர் குறியீடு அச்சடித்துவிடலாம் என்று தீர்மானித்தோம். இலவசமாகச் செய்து தரும் ஓர் இடத்தில் எங்கள் முகவரியைக் கொடுத்து, குறியீட்டை இறக்கி, பை அடிப்பவரிடம் கொடுத்து ஆயிரம் பை அடித்தோம். பை ஒன்று ஒன்பது ரூபாய். சில வாரம் நன்றாக வேலை செய்தது. பிறகு ஸ்கேன் செய்தால் "இந்தக் குறியீடு செயலில் இல்லை, சந்தா கட்டவும்" என்று வந்தது. அந்தக் குறியீட்டுக்குள் இருந்தது எங்கள் முகவரி அல்ல, அவர்களுடைய முகவரி. அங்கே போய், அங்கிருந்து எங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிற ஏற்பாடு. சோதனைக் காலம் முடிந்ததும் கதவை அடைத்துவிட்டார்கள். மாதா மாதம் அவர்கள் கேட்ட பணம், எங்கள் வெப்சைட்டுக்கு ஆகும் செலவைவிட அதிகம்.

இதைத் தவிர்ப்பது சுலபம். குறியீட்டை அச்சுக்குக் கொடுக்கும் முன் போனில் ஸ்கேன் செய்து, திறப்பதற்கு முன் திரையில் காட்டும் முகவரியைப் படியுங்கள். உங்கள் முகவரி எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தால் அதற்குக் காலாவதியே கிடையாது, ஏனென்றால் அந்தக் கறுப்புக் கட்டங்களே முகவரிதான். வேறு ஏதாவது பெயர் இருந்தால் அச்சடிக்காதீர்கள். கூகுள் குரோமிலேயே பக்கத்தைத் திறந்து பகிரும் இடத்தில் க்யூஆர் எடுக்கலாம், அது நேரடியான குறியீடு. மிச்சமிருந்த அறுநூறு சொச்சம் பைகளில் அதை ஸ்டிக்கராக அடித்து ஒட்டினோம். ஸ்டிக்கருக்கு ஆன செலவைக்கூட அப்பா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் தங்கச்சியும் ராத்திரி உட்கார்ந்து ஒட்டியபோது, "கோணலா ஒட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

முகவரி வாங்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்துக்குக் காட்டும் விலை வேறு, இரண்டாம் வருடம் புதுப்பிக்கும் விலை வேறு. புதுப்பிக்கும் விலையைத்தான் ஒப்பிட வேண்டும். பக்கங்களை இலவசமாக வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு, ஆனால் அவற்றில் சில வியாபாரத்துக்கு அனுமதிப்பதில்லை என்று விதிமுறையிலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டு ஏற்றுங்கள். முகவரியைப் பதிவு செய்தபோது என் இமெயிலையும் என் போன் எண்ணையும் கொடுத்திருந்தேன். நான் கோயம்புத்தூரில் விடுதியில் சேர்ந்த பிறகு, கடைக்கு வரும் ஓடிபி எனக்கு வந்துகொண்டிருந்தது, வகுப்பில் போன் எடுக்க முடியாது. ஒருநாள் அப்பா காத்திருந்து காத்திருந்து கோபித்துக்கொண்டார். இப்போது எல்லாம் அவர் எண்ணுக்கு மாறிவிட்டது, புதுப்பிக்க வேண்டிய தேதி கடைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் வாடகை, கரண்ட் பில் தேதிகளோடு இருக்கிறது.

நான் ஊரில் இல்லாதபோது விற்றுப்போன சேலைகளை யார் எடுப்பது என்பதுதான் இன்னும் முழுசாகத் தீராத பிரச்சினை. அண்ணனுக்கு ஹெச்டிஎம்எல் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், ஒரு குறியை அழித்ததில் பக்கத்தின் பாதி காணாமல் போனது. அதனால் ஒற்றைப் பீஸ்களைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம். ஒரே டிசைனில் நிறைய வரும் அச்சுச் சுங்குடி மட்டும் அங்கே நிரந்தரமாக இருக்கும், புதிதாக வரும் ஒற்றைச் சேலைகளை அண்ணன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார், ஒரு நாளில் அதுவே மறைந்துவிடும். தீபாவளிச் சரக்கு இறங்கும்போது இது தாங்குமா என்று அப்பாவுக்குச் சந்தேகம்தான். அந்த வாரம் லீவு போட்டு வரச் சொல்லியிருக்கிறார்.